சப், ரெஃப், கைண்ட் அட்டென்ஷன்: எது யாருக்கு?

கேள்வி: பம்பு உதிரி பாகம் செய்யும் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். ஒரு பெரிய கம்பெனிக்குப் பில் பணம் கேட்டு மூன்று மெயில் போட்டும் பதிலே இல்லை. சப், ரெஃப், கைண்ட் அட்டென்ஷன் எல்லாம் போட்டுக் கடிதம் மாதிரி எழுதச் சொல்கிறார் முதலாளி. மெயிலுக்கு அதெல்லாம் வேண்டுமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டும், ஆனால் உங்கள் முதலாளி கடிதத்தில் போடுவது போல அப்படியே அல்ல. நான் பல வருடம் தபால் பிரிவில் இருந்தவள். அங்கே வருகிற கடிதத்தை முழுசாக யாரும் படிப்பதில்லை. சப் வரியைப் பார்த்து எந்தப் பிரிவுக்கு என்று முடிவு செய்வோம், பிரிவில் இருப்பவர் ரெஃபில் உள்ள எண்களை வைத்து எந்தக் காகிதங்களை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். உங்கள் மெயிலும் அதே கைகளைத்தான் தாண்டிப் போகிறது.

நீங்கள் சப்ஜெக்ட் கட்டத்தில் என்ன போட்டீர்கள்? "Payment - Reg." என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். அந்த மெயில்பெட்டிக்கு வருவதில் முக்கால்வாசி பணம் கேட்டு வருவதுதானே, அதில் உங்களுடையது எது என்று எப்படித் தெரியும்? பில் எண்ணை முதலில் வையுங்கள். செல்போனில் சப்ஜெக்டின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், வால் வெட்டுப்பட்டுவிடும். "Kind Attn" என்று அங்கே தொடங்கினால் அந்த இடமும் வீண்.

ரெஃப்தான் உங்கள் விஷயத்தில் உயிர்நாடி. பெரிய கம்பெனிகளில் கணக்குப் பிரிவு, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர்ஸ் போட்ட ரசீது, உங்கள் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணத்தை விடும். இவற்றில் ஒன்றின் எண் இல்லையென்றாலும் அங்கே இருப்பவர் தேட வேண்டும், தேடுகிற மெயில் ஓரமாக நிற்கும். அதனால் மூன்றையும் தேதி வரிசையில், எண்ணிட்டு, உங்களுடையதா அவர்களுடையதா என்று தெரியும்படி எழுதுங்கள்.

```
Subject: Inv. 118 dt. 03.04.2025 - payment pending

Kind Attn: Senior Manager (Accounts)
Dear Sir,
Sub: Payment against Inv. 118
Ref: 1. Your PO 4500012345 dt. 10.02.2025
     2. Our Invoice 118 dt. 03.04.2025
     3. Your GRN 2207 dt. 05.04.2025
```

அப்புறம் உள்ளே "ரெஃப் 3-இல் சரக்கு பெற்றுக்கொண்டதாக உள்ளது, ரெஃப் 2-க்கான தொகை இன்னும் வரவில்லை" என்று இரண்டே வரியில் சொல்லிவிடலாம். "மேலே சொன்ன மெயிலின்படி" என்று எழுதாதீர்கள், மெயிலை யாராவது வேறொருவருக்கு அனுப்பும்போது கீழே உள்ள பழைய மெயில்கள் வெட்டுப்பட்டுப் போகலாம், எண் வெட்டுப்படாது. போனில் பேசியதை ரெஃபில் சேர்ப்பதானால், யாரிடம், எந்தத் தேதி என்பதும் சேர வேண்டும்.

உள்ளே மறுபடியும் சப் எதற்கு என்று தோன்றும். அவர் மெயிலைக் காப்பி செய்து ஃபைலில் போட்டாலும், சப்ஜெக்டை மாற்றி வேறு மேலாளருக்கு அனுப்பினாலும், இந்த வரி விஷயத்தோடு நிற்கும். ஆனால் "To, The Manager" என்று முகவரி, ஊர், பின்கோடு எல்லாம் மேலே அடிக்காதீர்கள். பட்டியலில் சப்ஜெக்டை ஒட்டித் தெரிகிற முதல் சில சொற்கள் அதிலேயே தீர்ந்துபோகும். கையெழுத்துப் போட்ட முழுக் கடிதம் வேண்டுமென்று முதலாளி விரும்பினால், அதை பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள், முகவரியெல்லாம் அதில் இருக்கட்டும்.

கைண்ட் அட்டென்ஷன் பொது மெயில் ஐடிக்கு எழுதும்போது மட்டும் தேவை. ஒருவருடைய சொந்த ஐடிக்கு அனுப்பிவிட்டு அவருடைய கவனத்துக்கே என்று எழுதினால் அதற்கு வேலையே இல்லை. இதில் ஒரு தவறு நானே பார்த்தது: ஒரு அலுவலகத்தில் மேலாளர் பெயரை மட்டும் கைண்ட் அட்டென்ஷனில் போட்டு வந்த மெயிலை அவருடைய ஃபோல்டரில் நகர்த்திவிட்டார்கள், அவர் மாற்றலாகிப் போயிருந்தார், மூன்று வாரம் யாரும் திறக்கவில்லை. அதனால் பதவியைக் கட்டாயம் எழுதுங்கள், பெயர் தெரிந்தால் கூட வரட்டும். அந்த வரி மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்காது, அவருடைய ஐடி தெரிந்தால் To-விலோ Cc-யிலோ போட்டால்தான் அவருக்குப் போகும்.

பதில் வராவிட்டால், அனுப்பிய மெயிலையே திறந்து 'Reply all' கொடுத்து, சப்ஜெக்டைத் தொடாமல் எழுதுங்கள். "Reminder 2" என்று சப்ஜெக்டை மாற்றினால் ஜிமெயிலில் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். நினைவூட்டல் என்பதை உள்ளே முதல் வரியில் சொல்லி, போன மெயிலின் தேதியை ரெஃபில் நான்காவதாகச் சேருங்கள்.