லேப் ஜாயிண்டில் ஷியர், பேரிங், டேரிங்: எதில் இணைப்பு முதலில் போகும்?

கேள்வி: ஒரு தகட்டை இன்னொரு தகட்டின் மேல் ஏற்றி ரிவெட் அடித்த லேப் ஜாயிண்டில் ஷியர், பேரிங், டேரிங் மூன்றையும் எப்படிச் சரிபார்ப்பது? எஃபிஷியன்ஸி கணக்கு எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது.

முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம். ஒரு ரிவெட்டின் மையத்திலிருந்து அதே வரிசையில் அடுத்த ரிவெட்டின் மையம் வரை உள்ள தூரம்தான் பிட்ச். அந்த ஒரு பிட்ச் அகலமுள்ள பட்டையை மட்டும் மனதில் வெட்டி எடுங்கள். இணைப்பு முழுவதும் அந்தப் பட்டைதான் திரும்பத் திரும்ப வருகிறது. விடை மாறி மாறி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஷியரை ஒரு ரிவெட்டுக்கும் டேரிங்கை முழுத் தகட்டுக்கும் போட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதுதான்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசி வரை போட்டுப் பார்க்கலாம். தகட்டின் தடிமன் 10 மி.மீ. 8 மி.மீ.க்கு மேற்பட்ட தகடுகளுக்கு அன்வின் சூத்திரப்படி ரிவெட் துளை 6√t, அதாவது 18.97 மி.மீ. துளையை 19 மி.மீ. என்றும் ரிவெட்டை 18 மி.மீ. என்றும் எடுப்போம். அனுமதிக்கப்பட்ட தகைவுகள்: இழுவை 80, ஷியர் 60, நசுங்கல் 120, எல்லாம் N/mm² அளவில். ஒரே வரிசை ரிவெட். பிட்ச் 40 மி.மீ.

```
டேரிங்  Pt = (p − d)·t·σt = (40 − 19)·10·80 = 16800 N
ஷியர்   Ps = (π/4)·d²·τ   = 283.5·60        = 17012 N
பேரிங்  Pc = d·t·σc       = 19·10·120       = 22800 N
```

டேரிங் என்பது இரண்டு துளைகளுக்கு நடுவில் மிஞ்சிய தகடு கிழிவது. அதனால் அகலத்திலிருந்து துளையைக் கழிக்கிறோம். ஷியரில் ரிவெட்டின் தண்டு இரண்டு தகடுகளும் தொடும் தளத்தில் வெட்டுப்படுகிறது. லேப் ஜாயிண்டில் அப்படிப்பட்ட தளம் ஒன்றே ஒன்றுதான். தகடுகளை முனையோடு முனை சேர்த்து மேலும் கீழும் இரண்டு பட்டி வைத்த பட் ஜாயிண்ட் கணக்கைப் பார்த்துவிட்டு இங்கேயும் 2 ஆல் பெருக்குகிறவர்கள் நிறைய பேர். அப்படிச் செய்தால் ரிவெட்டின் பலம் இரட்டிப்பாகத் தெரியும், ஆபத்தும் அங்கேதான். பேரிங்கில் ரிவெட்டும் துளையின் சுவரும் ஒன்றையொன்று நசுக்குகின்றன. அதற்கான பரப்பு அரைவட்டச் சுவர் அன்று. நேராகப் பார்த்தால் தெரியும் d × t செவ்வகம்.

மூன்று கணக்கிலும் d ஆக 19 போட்டிருப்பதைக் கவனியுங்கள். சூடாக அடித்த ரிவெட் உப்பித் துளையை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிப் போடுகிறோம். சரியாக நிரம்பாவிட்டால் வேலை செய்வது 18 மி.மீ. தண்டுதான். அப்போது ஷியர் பலம் 15268 நியூட்டனுக்கு இறங்கி, டேரிங்கைவிடக் குறைந்துவிடும். எது முதலில் போகும் என்ற விடையே மாறுகிறது. டேரிங்கில் மட்டும் எப்போதும் துளையின் அளவுதான். ரிவெட் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வெட்டிய தகடு திரும்பி வராது.

இனி எஃபிஷியன்ஸி. மூன்றில் சிறியது 16800. அதை அதே 40 மி.மீ. அகலத்தில் துளையே போடாத தகட்டின் பலத்தோடு ஒப்பிட வேண்டும்.

```
P = p·t·σt = 40·10·80 = 32000 N
η = 16800 / 32000 = 52.5 %
```

பின்னத்தின் கீழே வரும் எண்ணில் p மட்டும்தான். அங்கே p − d போட்டால் விடை பொய்யாக உயரும்.

இந்த 52.5 சதவீதத்தை உயர்த்த முதலில் தோன்றும் வழி பிட்சைக் கூட்டுவது. 50 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். டேரிங் 24800 ஆக ஏறுகிறது. ஆனால் ரிவெட் அதே ரிவெட்தான், ஷியர் 17012 லேயே நிற்கிறது. முழுத் தகட்டின் பலமோ 40000 ஆகிவிட்டது. எஃபிஷியன்ஸி 42.5 சதவீதத்துக்கு விழுகிறது. பிட்சைக் குறைத்தால் டேரிங் விழும், கூட்டினால் ஷியர் தடுக்கும். டேரிங்கும் ஷியரும் சமமாகும் இடம் 40.3 மி.மீ. அங்கேயும் எஃபிஷியன்ஸி 53 சதவீதத்தைத் தொடாது. இந்தத் தகட்டுக்கு இந்த ரிவெட்டோடு ஒற்றை வரிசையின் எல்லை அவ்வளவுதான்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் வரிசையைத்தான் கூட்ட வேண்டும். இரண்டு வரிசையில் ஒரு பிட்சுக்குள் இரண்டு ரிவெட் வரும். ஷியர் 34024, பேரிங் 45600. டேரிங்கில் மட்டும் ஒரே ஒரு துளையைக் கழிக்கிறோம், ஏனென்றால் கிழிசல் ஒரு வரிசை வழியாகத்தான் போகிறது. பிட்ச் 60 மி.மீ. என்றால் டேரிங் 41 × 10 × 80 = 32800; எஃபிஷியன்ஸி 32800 / 48000, அதாவது 68.3 சதவீதம். வரிசைகளை மிக நெருக்கி ஜிக்ஜாக் ஆக அமைத்தால் கிழிசல் குறுக்காக இரண்டு துளைகளைத் தொட்டும் போகலாம். அதனால் வரிசை இடைவெளியைக் கண்ணளவில் வைக்கக் கூடாது. துளை மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்குக் குறைந்தது 1.5d, இங்கே 29 மி.மீ. விட வேண்டும். அதைக் குறைத்தால் ரிவெட் விளிம்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும், மேலே உள்ள மூன்று சூத்திரமும் அதைக் காட்டாது.

உடைந்த இணைப்பு கையில் கிடைத்தால் காரணத்தைக் கண்ணாலேயே சொல்லலாம். தண்டு தகடுகள் சேரும் தளத்தில் மட்டமாக அறுந்து, துளை வட்டமாகவே இருந்தால் ஷியர். துளை முட்டை வடிவில் நீண்டிருந்தால் பேரிங். துளைக்குத் துளை கோடு போட்டதுபோல் தகடு பிரிந்திருந்தால் டேரிங்.

கடைசியாக, மூன்று சோதனையிலும் தேறிய லேப் ஜாயிண்டும் உடையும். இரண்டு தகடுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒன்றின் நடுத்தளத்துக்கும் மற்றதன் நடுத்தளத்துக்கும் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறது. இழுக்கும்போது அது வளைவை உண்டாக்குகிறது. தகடு கொஞ்சமும் திரும்பாது என்று வைத்தால், ஒவ்வொரு தகட்டிலும் வளைதிருப்பம் P·t/2. அதனால் வரும் தகைவு 3P/(p·t), அதாவது நேர் இழுவைத் தகைவைப் போல மூன்று மடங்கு. நம் 16800 நியூட்டனுக்கு நேர் தகைவு 42, வளைவு 126. நிஜத்தில் தகடு சற்றே திரும்பிக்கொடுப்பதால் இவ்வளவு வராது. ஆனால் பாய்லரில் நீராவி அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு திரும்ப வரும். விரிசல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த முகத்தில், ரிவெட் வரிசையை ஒட்டித் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்ததற்கு, அதன் லேப் ஜாயிண்டில் இப்படி மறைந்திருந்த விரிசல்தான் காரணம் என்று கருதப்பட்டது. 1907 இல் அந்த மாநிலம் பாய்லர் விதிகளைக் கொண்டுவந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பாய்லர் ஓட்டின் நீளவாக்கு இணைப்புக்கு இரண்டு பக்கமும் பட்டி வைத்த பட் ஜாயிண்ட் போடுங்கள். அங்கே விசை ஒரே நேர்கோட்டில் போகும். சுற்றுவாக்கு இணைப்புக்கு லேப் போதும். உருளையின் நீளத்திசையில் வரும் தகைவு pD/4t தான், சுற்றுத்திசையில் வரும் pD/2t இல் அது சரிபாதி. இந்த இரண்டு சூத்திரத்திலும் p என்பது நீராவியின் அழுத்தம், பிட்ச் அன்று.