பூட்டினதா, பூட்டவா?

"அக்கா, நான் ஹட்டன் பக்கம். இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலைக்கு வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி மருந்து அலமாரியைப் பூட்டினாயா என்று மேலாளர் கேட்டார், 'ஐ ரிமெம்பர் டு லொக் இட்' என்றேன். பதில் விளங்காத மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன பிழை?"

தங்கச்சி, நீங்க சொன்னது இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அதற்கு அர்த்தம் "நான் வழக்கமா மறக்காமப் பூட்டுவேன்" என்பது. அவர் கேட்டது நேற்று ராத்திரிக் கதை. "ஐ ரிமெம்பர் லொக்கிங் இட்" என்றால் பூட்டினது ஞாபகம் இருக்கு என்று ஆகும், "ஐ ரிமெம்பர்ட் டு லொக் இட்" என்றால் மறக்காமப் பூட்டிட்டேன் என்று ஆகும், இந்த இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் அதோடு விட்டிருப்பார்.

இதைப் பிடிக்க நம்ம பேச்சே போதும். லயத்துக் கதவைப் "பூட்ட மறந்துட்டேன்" என்றால் கதவு திறந்து கிடக்கு. "பூட்டினது ஞாபகமில்லை" என்றால் பூட்டியும் இருக்கலாம். "பூட்ட" வருகிற இடத்தில் டு, "பூட்டினது" வருகிற இடத்தில் இங். டு வந்தால் முதலில் ஞாபகம், பிறகு வேலை. இங் வந்தால் வேலை முந்தியே நடந்திருக்கும், ஞாபகம் பிறகுதான் வரும்.

உங்க வேலையில் இது மருந்து விஷயத்தில்தான் பெரிசு. காலையில் ஒரு ஐயாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்கிறார்கள் என்று வைங்க. "ஐ ஃபர்கொட் டு கிவ் இட்" என்றால் கொடுக்கவே இல்லை, அந்த வேளை தவறிப்போச்சு. "ஐ டோன்ட் ரிமெம்பர் கிவிங் இட்" என்றால் கொடுத்திருக்கவும் கூடும், அதனால் யாரும் இன்னொரு மாத்திரை கொடுக்கக் கூடாது, முதலில் மருந்துப் பதிவுத்தாளில் கையெழுத்து இருக்கா என்று பார்க்கணும். இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதைச் சொன்னீங்கன்னா அந்த ஐயாவுக்கு ஒரே மருந்து இரண்டு தரம் போய்விடலாம்.

ஆனால் "கொடுத்ததை மறந்துட்டேன்" என்பதை அப்படியே "ஐ ஃபர்கொட் கிவிங்" என்று சொல்லாதீங்க. ஃபர்கெட்டோடு இங் பெரும்பாலும் "ஐ வில் நெவர் ஃபர்கெட்" என்று வாழ்நாள் நினைவைச் சொல்லும்போதுதான் வரும். சாதாரணப் பேச்சில் "ஐ ஃபர்கொட் தட் ஐ கேவ் இட்" போதும்.

ஸ்டொப்பும் இதே வழிதான். கொழும்பிலிருந்து வரும் பஸ் கித்துல்கலயில் தேத்தண்ணி குடிக்க நின்றால் "ஸ்டொப் டு ட்ரிங்க்", டொக்டர் சொல்லித் தேத்தண்ணி குடிக்கிறதையே விட்டால் "ஸ்டொப் ட்ரிங்கிங்".

ட்ரை இன்னும் லேசு. "ட்ரைட் டு ஓப்பன்" என்றால் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன், முடிந்ததோ இல்லையோ. "ட்ரைட் ஓப்பனிங்" என்றால் திறந்து பார்த்தேன், அப்படியும் அறையில் புழுக்கம் குறையவில்லை. ஸ்டார்ட், லைக் மாதிரிச் சொற்களில் எதைப் போட்டாலும் அர்த்தம் அநேகமா மாறாது, இப்போதைக்கு அவற்றை விட்டுடுங்க.

மேலாளரிடம் இன்றைக்கே போய் "ஐ ரிமெம்பர்ட் டு லொக் இட் லாஸ்ட் நைட்" என்று சொல்லிடுங்க, பூட்டினது நிச்சயமென்றால்.