கூட வேலை பார்ப்பவரின் அப்பா தவறிவிட்டார், என்ன எழுதுவது? – கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஒரு வார இதழில் பல வருடம் மெய்ப்புத் திருத்தியவர். அலுவலகத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் கடிதம் எழுத இவரைத்தான் கூப்பிடுவார்கள்.)

திருப்பூர், கணக்குப் பிரிவு ஊழியர்: கூட வேலை செய்யும் அக்காவின் அப்பா நேற்று தவறிட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்ப இதை எழுதினேன். ஏதோ ஒட்டாத மாதிரி இருக்கு. திருத்தித் தாங்க:

"வணக்கம் மேடம். உங்க அப்பா இறந்த செய்தியை கேட்டு மிகவும் ஆழ்ந்த இறங்கல்களை தெரிவித்து கொள்கிறேன். அவரது ஆத்மா சாந்தி அடைய இறைவனை பிராத்திக்கிறேன். உனக்கு எதாவது உதவி தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லவும். இந்த துக்கத்தில் இருந்து சீக்கிரம் மீண்டு வர வாழ்த்துக்கள்."

பதில்: முதலில் எழுத்துப் பிழை, ஏனென்றால் இதில் ஒன்று மானத்தை வாங்கும். "இறங்கல்" என்றால் கீழே இறங்குவது. துக்கத்துக்கு இடையின ர போட்டு "இரங்கல்" என்று எழுத வேண்டும். "பிரார்த்திக்கிறேன்" என்பதில் நடுவில் ஒரு ர் விட்டுப்போயிருக்கிறது. "எதாவது" என்பது "ஏதாவது". ஒற்றுகளையும் போட்டுவிடுங்கள்: செய்தியைக் கேட்டு, தெரிவித்துக்கொள்கிறேன், இறைவனைப் பிரார்த்திக்கிறேன், இந்தத் துக்கத்தில்.

ஒட்டாத மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறு. "செய்தியைக் கேட்டு" என்று ஆரம்பித்தால் அடுத்து உங்களுக்கு என்ன ஆனது என்று வர வேண்டும், "கேட்டு வருந்தினேன்" என்பது போல. நீங்களோ கேட்டவுடன் இரங்கலைத் தெரிவிக்கப் போய்விட்டீர்கள், வருத்தப்படவே இல்லை. அப்புறம் "உங்க" என்று தொடங்கி "உனக்கு" என்று இறங்கி "சொல்லவும்" என்று சுற்றறிக்கையில் முடித்திருக்கிறீர்கள். நாலைந்து இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கடைசி வரியை எடுத்தே ஆக வேண்டும். சீக்கிரம் மீண்டு வா என்பது காய்ச்சலில் படுத்திருப்பவருக்குச் சொல்வது. அப்பா போன மறுநாள் யாரும் எங்கிருந்தும் மீண்டு வரத் தேவையில்லை. "வாழ்த்து" என்ற வார்த்தைக்கும் அந்த வீட்டில் இப்போது இடமில்லை.

எழுதித் தருவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அவரை நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அப்பாவைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அதே திருப்பூர் ஊழியர்: நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போது மேடம் போட்டால்தான் மரியாதை என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்ததில்லை. அக்கா தினமும் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் போட்டு "சாப்டீங்களாப்பா" என்று கேட்பாங்க. அவ்வளவுதான் தெரியும்.

பதில்: அவ்வளவு போதும். இப்படி அனுப்புங்கள்:

"அக்கா, அப்பா தவறிவிட்டார் என்று இன்று காலையில்தான் கேள்விப்பட்டேன். மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் சாப்பிட உட்காரும் முன்னால் 'சாப்டீங்களாப்பா' என்று நீங்கள் போனில் கேட்பதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டிருக்கிறேன். அவர் உங்களுக்கு எப்படிப்பட்டவர் என்று அதிலேயே தெரியும். அவருடைய ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன். 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி தாக்கலை நான் முடித்துவிடுகிறேன், நீங்கள் அதை நினைக்கவே வேண்டாம். இதற்குப் பதில் எழுத வேண்டாம் அக்கா. அம்மாவோடு இருங்கள்."

"உதவி தேவைப்பட்டால் சொல்லவும்" என்பதை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியைப் போட்டது ஏன் என்றால், அந்த நிலையில் இருப்பவர் யோசித்து, கூச்சத்தை விட்டு, உங்களிடம் கேட்கப்போவதில்லை. நீங்களே ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டால் அவருக்கு ஒரு கவலை குறையும். எடுத்துக்கொண்டதைச் செய்துவிடவும் வேண்டும். முடியாது என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். சாந்தி வரியை நீங்கள் கேட்டதால் வைத்தேன். அந்த வீட்டில் சாமி நம்பிக்கை இல்லை என்றால் எடுத்துவிடலாம், மற்றது அப்படியே நிற்கும்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்: எழுத்தில் "தவறிவிட்டார்" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பிழை செய்தார் என்றும் பொருள் வரும். "காலமானார்" என்பதே முறை. "தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதில் அந்தக் "கொள்" எதற்கு என்றும் கேட்கலாம்.

பதில்: "கொள்" விஷயத்தில் உங்கள் பக்கம்தான் டீச்சர், "தெரிவிக்கிறேன்" என்றாலே போதும். "காலமானார்" பற்றிப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பத்திரிகைச் செய்திக்கும் அலுவலகச் சுற்றறிக்கைக்கும் அதுதான் சரி. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் "அப்பா காலமானார்" என்று எழுதினால் வானொலிச் செய்தி மாதிரி காதில் விழுகிறது. "அப்பா தவறிவிட்டார்" என்பதைப் பிழை செய்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "தவறிய அப்பா" என்று பெயருக்கு முன்னால் போட்டால் நீங்கள் சொல்கிற குழப்பம் வரும், அதை எழுதக் கூடாது.

தமிழாசிரியை: எழுத்துக்கென்று ஒரு கட்டு இருக்கிறது என்பதே என் கருத்து. பார்ப்போம்.

மதுரையிலிருந்து: எங்க ஆபீஸ் வாசலில் வைக்க நாலு வரி வேணும். "அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு" என்று ஆரம்பித்தேன். இதையே அவருக்கும் மெசேஜ் பண்ணலாமா?

பதில்: பேனருக்கு நீங்கள் ஆரம்பித்ததே போதும். அங்கே படிப்பவர் ஊர், அதனால் "அன்னார்", "குடும்பத்தார்" என்று படர்க்கையில் போவது சரி. அதையே அவருக்கு அனுப்பினால், எதிரில் நிற்பவரிடமே அவரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவது போல இருக்கும். தந்தை உங்கள் தந்தை, வாடுவது நீங்கள் என்று முன்னிலையில் எழுத வேண்டும். "அன்னார்" அவருக்கு "அப்பா" ஆகிவிட வேண்டும்.

சென்னை, குழுத் தலைவர்: என் டீமில் ஒரு பையனுக்கு அப்பா இறந்துவிட்டார், வயது 91. நல்லபடியாக வாழ்ந்து போனவர், கல்யாணச் சாவுதான். "நிறைவாழ்வு வாழ்ந்தவர், வருத்தப்பட வேண்டாம்" என்று எழுதி, எத்தனை நாள் லீவ் என்றும் கேட்டு ஒரே மெயிலில் முடித்துவிடலாம் அல்லவா?

பதில்: கல்யாணச் சாவு என்று சொல்கிற உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கு. பறையும் பூவுமாக அவர்கள் எடுக்கட்டும், பேரன்கள் ஆடட்டும். வெளியாள் அதைச் சொன்னால் "வயசாயிடுச்சு, போனா போகட்டும்" என்று கேட்கும். 91 வயது அப்பாவை இழந்தவருக்கும் இத்தனை வருடம் கூட இருந்தவர் போய்விட்டார். "வருத்தப்பட வேண்டாம்" என்பதை வயது எதுவானாலும் எழுதாதீர்கள். "நிறைவாழ்வு வாழ்ந்தவர்" வரைக்கும் நிறுத்தலாம், அதுவும் பையன் முதலில் அப்படிப் பேசியிருந்தால் மட்டும்.

லீவ் விஷயத்தை எழுத நினைத்தது சரிதான், அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். ஆனால் கேள்வியாக வைக்காதீர்கள். "காரியம் முடியும் வரை நீங்கள் வர வேண்டியதில்லை, விடுப்பை நான் பதிவு செய்துவிடுகிறேன்" என்று நீங்களே முடிவைச் சொல்லிவிடுங்கள். பதினாறாம் நாள் செய்வார்களா, முன்னதாகவே முடிப்பார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும். நாள் கணக்கை அவர் பிறகு சொல்லட்டும்.

வேலூரிலிருந்து: என் கூட வேலை செய்யும் நண்பர் முஸ்லிம், அவருடைய அம்மா இறந்துட்டாங்க. "ஆத்மா சாந்தியடைய" என்று போடலாமா? இல்லை அவங்க சொல்ற அரபு வாக்கியத்தையே போடலாமா?

பதில்: சாந்தி வரி அவர்கள் வழக்கில் இல்லை. கோபிக்க மாட்டார், ஆனால் வேறு வீட்டுக்கு எழுதியது போல இருக்கும். "வஃபாத்தானார்" என்பது அவர்கள் புழங்கும் சொல். நீங்கள் "அம்மா இறந்துவிட்டார்கள் என்று கேட்டு" என்றே எழுதலாம், குறையில்லை. "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்பதன் பொருள், நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்பது. வேறு மதத்தவர் அதை எழுதினால் சிலர் நெகிழ்ந்துபோவார்கள், சிலருக்குச் சற்று அந்நியமாக இருக்கும். உங்கள் நண்பர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்டால், "அம்மாவுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன்" என்று என் மொழியிலேயே விட்டுவிடுவேன்.

ஒன்று கவனியுங்கள். அவர்கள் வழக்கப்படி கூடிய சீக்கிரம், பல சமயம் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால் அடக்கத்துக்குப் போக முடியாது. மெசேஜ் எழுதும் முன் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து: உங்க மாதிரியை வெச்சு என் கூட வேலை பார்க்கிறவருக்கு ஒன்று அனுப்பி நாலு நாள் ஆச்சு. நீல டிக் வந்திருக்கு, பதில் இல்லை. குரூப்பில் "ஆழ்ந்த இரங்கல்" என்று மட்டும் போட்டவங்களுக்குக் கும்பிடு ஸ்மைலி போட்டிருக்கார். நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? மறுபடி ஒரு தடவை அனுப்பட்டுமா?

பதில்: பதில் எழுத வேண்டாம் என்று நீங்களே எழுதியிருப்பீர்கள், அந்த வார்த்தையை அவர் நம்பியிருக்கிறார். ஒரு சொல் இரங்கலுக்கு ஒரு கும்பிடு போதும், ஒரு நொடியில் போட்டுவிடலாம். அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதியவருக்குக் கும்பிடு மட்டும் போட மனசு வராது, எழுத உட்காரவும் தெம்பு இருக்காது. வீட்டில் ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும் நாட்கள் இவை. மறுபடி அனுப்பாதீர்கள், "பார்த்தீங்களா" என்றும் கேட்காதீர்கள். வேலைக்குத் திரும்பும் முதல் நாள் அவர் இருக்கைக்குப் போய் நில்லுங்கள். "அப்பா எப்படி..." என்று அவரே ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள். ஆரம்பிக்கவில்லை என்றால் டீக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.