போலிக் கடையில் பணம் போனதா? வாசகர் கேள்விகள்

தீபாவளி முடிந்த கையோடு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கின்றன. பெரிய கடையின் பெயர், அதே லோகோ, பாதி விலை, பணம் போய்விட்டது. இந்த வாரமும் அவைதான்.

பெயர் ஒன்றுதான், தளம் வேறு என்று பணம் கட்டிய பிறகே தெரிந்தது. முதலில் யாரை அழைப்பது? (சேலம் வாசகி)

சைபர் குற்ற உதவி எண் 1930. அப்புறம் உங்கள் வங்கி. இரண்டும் அதே அரைமணி நேரத்துக்குள்.

கடந்த புதன் இரவு ஒரு புடவைத் தளத்தில் க்யூஆர் ஸ்கேன் செய்து 6,499 ரூபாய் கட்டினேன். கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டால் "நாளை அனுப்புகிறோம்" என்கிறார்கள். இன்று திங்கள். புகார் கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

கொடுக்கலாமாவா! ஐந்து நாள் போய்விட்டது. மாதம் நான்கு பேராவது இப்படிக் காத்திருந்துவிட்டு எழுதுகிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. "நாளை அனுப்புகிறோம்" என்று சொல்வதே உங்களைக் காத்திருக்க வைப்பதற்குத்தான்.

ஏன் அவசரம் என்று சொல்கிறேன். உங்கள் 6,499 மோசடிக்காரர்கள் வாடகைக்கு வாங்கிய யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. சில நிமிடங்களில் அங்கிருந்து இரண்டு, மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து கடைசியில் ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது. 1930-இல் புகார் பதிவானால் அது பணம் போன வங்கியின் திரையில் ஏறும். அவர்கள் கணக்கில் மிச்சமிருப்பதைப் பிடித்து வைப்பார்கள். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவலும் அங்கே தொடரும். எடுத்துச் செலவான பணத்தை யாராலும் பிடிக்க முடியாது. புதன் இரவே அழைத்திருந்தால் முழுத்தொகை கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பு இருந்திருக்கும்.

ஐந்து நாள் ஆனாலும் இன்றே செய்யுங்கள், சில சமயம் கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். அது, தொகை, தேதி, நேரம், பணம் போன யுபிஐ ஐடி, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். ஓர் ஒப்புகை எண் தருவார்கள். cybercrime.gov.in தளத்தில் அந்தப் புகாரை முழுமையாக்க வேண்டும், இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தளத்தின் முழு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஓரிரு நாளில் தளமே காணாமல் போகும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். பணம் எங்காவது பிடிபட்டால் ஒப்புகை எண்ணோடு காவல் நிலையத்தில் கேளுங்கள். அது உங்கள் கணக்குக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

இன்னொன்று: க்யூஆரில் வேறு பெயர் வந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். யுபிஐ பின் எண்ணைப் போடுவதற்கு முன் வரும் அந்தப் பெயரைப் படியுங்கள், படியுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கிரெடிட் கார்டில் கட்டினேன். ஓடிபி நான்தான் கொடுத்தேன். திரும்பக் கிடைக்குமா? (கோவை வாசகர்)

உங்கள் நிலை மதுரைக்காரரைவிடத் தேவலாம். வங்கியிடம் "பொருள் வரவில்லை" என்று சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேளுங்கள். "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஓடிபி பதிவைக் காட்டி ஒரே நாளில் தள்ளிவிடுவார்கள். உண்மையைச் சொல்வதுதான் இங்கே பலம். நான்கு மாதம் வரை அவகாசம் இருக்கிறது என்றாலும் இந்த வாரமே எழுதுங்கள். ஆர்டர் மெயிலையும் போலித் தளத்தின் படத்தையும் இணையுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

மிக்ஸி ஆர்டர் செய்தேன், பார்சலில் ஒரு சாவிக்கொத்து வந்தது. "டெலிவரி ஆகிவிட்டது" என்கிறார்கள். (திருச்சி வாசகி)

பழைய தந்திரம். டிராக்கிங் எண்ணைக் காட்டிச் சார்ஜ்பேக்கை முறியடிக்கத்தான் அந்தச் சாவிக்கொத்து. கார்டில் கட்டியிருந்தால் காரணத்தை "வேறு பொருள் வந்தது" என்று கொடுங்கள். பார்சல் மேலுறையில் எடை இருந்தால் படம் எடுங்கள். கால் கிலோவில் மிக்ஸி வராது என்பது வங்கிக்கும் தெரியும்.

899 ரூபாய்தான். இதற்குப் புகாரா? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம். அதே கணக்கில் இன்னும் நூறு பேர் போட்டிருப்பார்கள்.

கூகுளில் தேடிய "ரீஃபண்ட் உதவி எண்"ணில் ஒருவர் 500 ரூபாய் கட்டினால் மொத்தப் பணமும் வரும் என்கிறார். ஸ்க்ரீன் ஷேர் செயலி ஒன்றைப் போடவும் சொல்கிறார். (பெயர் வேண்டாம்)

அழைப்பைத் துண்டியுங்கள். செயலியைப் போட்டிருந்தால் முதலில் இணையத்தை அணைத்துவிட்டு அதை நீக்குங்கள். அப்புறம் வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண்ணும் தேவையில்லை, கட்டணமும் தேவையில்லை. அவர் உங்கள் எண்ணை எங்கே பிடித்தார் என்கிறீர்களா? நீங்கள்தானே அழைத்தீர்கள்.