கடைசி 45 விநாடி

கேள்வி: ஒரு வங்கியின் கால் சென்டரில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கால் முடிந்ததும் நடந்ததை ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு 45 விநாடிதான். ‘முடிந்தது’ என்று போட்டுவிட்டு அடுத்த காலை எடு என்கிறார் டீம் லீடர். எல்லாமே ரெக்கார்ட் ஆகிறதே, அந்த வரியை யார் படிக்கப்போகிறார்கள்?
— வாசகி, சென்னை

பதில்: நானும் அப்படிச் சொன்ன டீம் லீடர்தான். என் டீமில் ஒரு பெண் இருந்தாள். பேச்சில் கெட்டி, ஆனால் அந்த ஒரு வரிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்வாள். வாரம் தவறாமல் அவளைக் கூப்பிட்டுத் திட்டுவேன்.

ஒரு நாள் மாலை 7.52க்குத் திருப்பூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன யாரோ அவர் போனில் ஒரு ஆப்பை ஏற்ற வைத்திருக்கிறான். ஓடிபி கேட்டான், இவரும் சொல்லிவிட்டார். 18,000 ரூபாய் போய்விட்டது. கார்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். இவள் பிளாக் பட்டனை இரண்டு முறை அழுத்தியும் திரையில் எரர்தான் வந்தது. மோசடிப் பிரிவுக்கு மாற்றிவிட்டாள். அங்கே வரிசையில் காத்திருக்கும்போதே லைன் அறுந்துபோனது. 8.20க்கு 24,000, 8.26க்கு 16,000 என்று மேலும் இரண்டு முறை பணம் போனது.

மறுநாள் காலை அவர் கிளைக்குப் போய்ப் புகார் எழுதிக்கொடுத்தார். ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லை என்றும் அதில் எழுதிவிட்டார். பயம்தான். வங்கி என்ன சொன்னது? ‘உங்கள் கவனக்குறைவு. புகார் வந்ததும் மறுநாள்தான். 58,000 ரூபாயும் உங்கள் பொறுப்பு.’ மாலையே அழைத்தேன் என்று அவர் அடித்துச் சொன்னார். வங்கியில் அவர் பதிந்திருந்த போன் எண்ணைப் போட்டு ரெக்கார்டிங்கைத் தேடினார்கள், அப்படி ஒரு காலே இல்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை உங்களுக்குப் பயிற்சியில் காட்டியிருப்பார்கள். வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் பணத்தை இழந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். ஆக, 40,000 ரூபாய் யாருடையது என்பது அவர் 8.20க்கு முன்னால் சொன்னாரா என்பதைப் பொறுத்தது.

வழக்கு வங்கிக் குறைதீர்ப்பாளர் வரை போனது. அங்கே பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கியபோதுதான் இவள் எழுதிய வரி வெளியே வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: ‘மகள் போனிலிருந்து பேசுகிறார். 18,000 போனதாம், ஓடிபி சொல்லிவிட்டதாகச் சொல்கிறார். கார்டை நிறுத்தக் கேட்டார். பிளாக் 2 முறை எரர், ஆகவில்லை. மோசடிப் பிரிவுக்கு மாற்றினேன்.’ அந்த வரி சேவ் ஆன நேரம் மாலை 7.58.

மகள் போன்! அதனால்தான் அவர் எண்ணில் தேடியபோது கிடைக்கவில்லை. மகளின் எண்ணை வாங்கித் தேடினார்கள், ரெக்கார்டிங் கிடைத்தது. காலின் வகையைக் குறிக்கும் பட்டியலில் ‘பிளாக் ஆகவில்லை’ என்று ஒன்று இல்லாததால் அவள் ‘கார்டு, பொது விசாரணை’யைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அதை மட்டும் பார்த்திருந்தால் யாரோ பேலன்ஸ் கேட்டார்கள் என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

40,000 ரூபாய் அவருக்குத் திரும்ப வந்தது. 18,000 வரவில்லை, ஏனென்றால் ஓடிபி விஷயமும் அதே வரியில் இருந்தது. அவருக்கு இவள் மேல் கொஞ்சம் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். நான் இவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கே ஆறு மாதம் ஆனது என்பது வேறு கதை.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். அவள் ‘ஓடிபி சொல்லிவிட்டார்’ என்று எழுதவில்லை, ‘சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்’ என்றுதான் எழுதினாள். வாடிக்கையாளர் சொன்னது வேறு, நீங்கள் திரையில் பார்த்தது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். அவர் என்ன கேட்டார், நீங்கள் செய்ததில் எது ஆகவில்லை, இந்த இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். ‘முடிந்தது’ என்ற சொல் விழுங்கிவிடுவது இந்த ‘ஆகவில்லை’யைத்தான். வேறு எண்ணிலிருந்து பேசினால் அதையும் போடுங்கள். முழு கார்டு எண்ணையோ ஓடிபியையோ மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பின்னால் தகராறு வந்து, எழுதியது தப்பு என்று தெரிந்தாலும் பழைய வரியைத் திருத்தாதீர்கள். யார், எப்போது மாற்றினார்கள் என்பது சிஸ்டத்தில் பதிவாகும், அப்புறம் சரியாக எழுதிய பாதியையும் சந்தேகிப்பார்கள். கீழே புதிதாக ஒரு வரி சேருங்கள்.

45 விநாடி போதாதுதான். அவள் பிற்பாடு ஒரு வழி கண்டுபிடித்தாள். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வரியை அடித்துவிடுவாள், கால் முடிந்ததும் ‘ஆனது’, ‘ஆகவில்லை’ என்பதை மட்டும் சேர்ப்பாள்.