டிஎன்எஸ் மாற்றியும் பாதி விளம்பரம் வருகிறது

> ரவுட்டரில் முதலாவது 94.140.14.14, இரண்டாவது 8.8.8.8 போட்டேன். பாதி விளம்பரம் வருது. பக்கமும் வேகமா வரலையே?

அந்த 8.8.8.8-ஐ எடுத்துவிட்டு, விளம்பரம் தடுக்கும் ஆட்கார்டு டிஎன்எஸ்ஸின் இரண்டாவது முகவரியான 94.140.15.15 போடுங்கள். இரண்டாவது இடம் அவசரத்துக்கு மட்டும் இல்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் சாதனம் கேட்கும். 8.8.8.8 கூகுளுடையது, அதுவோ விளம்பரம் எதையும் வடிகட்டாது.

ரவுட்டரை அணைத்துப் போட்டு, கணினியில் பாருங்கள்:

```
nslookup doubleclick.net
```

0.0.0.0 வந்தால் சரி. நிஜ முகவரி வந்தால், ஐபிவி6 பக்கம் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் இன்னும் இருக்கலாம், அதையும் மாற்றுங்கள்.

வேகம்? விளம்பர ஸ்கிரிப்ட் குவிந்த செய்தித் தளங்களில் நன்றாகவே தெரியும், பழைய போனில் இன்னும் அதிகமாக. டவுன்லோடு வேகம் அதிகரிக்காது. யூடியூப் விளம்பரமும் போகாது. வீடியோ வரும் அதே சர்வர்களிலிருந்துதான் அதுவும் வருகிறது.