மூட்டை ஒன்று, ரிசல்ட் மூன்று

கேள்வி: 25 கிலோ தாது உப்புக் கலவை மூட்டையிலிருந்து 1 கிராம் எடுத்துக் காப்பர் பார்க்கிறோம். ஒரே மூட்டைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ரிசல்ட். கருவி சரியாகத்தான் இருக்கிறது. சாம்பிளை எப்படி எடுப்பது?

நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே தலைவலிதான். லேபிளில் கிலோவுக்கு 1,200 மில்லிகிராம் காப்பர். எனக்கு வந்ததோ 700, 1,150, 1,900. கலவை இயந்திரத்தை ஓட்டுபவரிடம் போய், சரியாகக் கலக்கவில்லை என்று சண்டை போட்டேன். அவர் மேல் தப்பே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

ஒரு நாள் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினேன். வெள்ளைக் குவியலின் அடிவாரத்தைச் சுற்றி நீல வளையம் போட்டதுபோல மயில்துத்தக் கற்கள் உருண்டு கிடந்தன. கலவையில் காப்பரைத் தருவது அந்தக் கற்கள்தான். முறத்தில் அரிசியைக் கொழித்தால் குருணை தனியாகப் பிரிகிறதல்லவா? லாரியில் வரும் வழியெல்லாம் மூட்டைக்குள் நடப்பதும் அதுவே. சன்னத் தூள் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும், பெருங்கல் மேலே தங்கும். மேலாக ஒரு கரண்டி அள்ளினால் காப்பர் ஏறிக் காட்டும். அரிசி மண்டியில் குத்திப் பார்ப்பதுபோல் குத்தூசி போட்டாலும், அது போன வழியில் இருப்பதைத்தான் கொண்டுவரும்.

அதனால் முழு மூட்டையையும் ரிஃபிள் ஸ்ப்ளிட்டரில் போடுங்கள். வரிசையாகச் சந்துகள் உள்ள பெட்டி அது. ஒரு சந்து இடப்பக்கத் தட்டில் கொட்டும், அடுத்தது வலப்பக்கத் தட்டில். பெட்டியின் அகலத்துக்குச் சமமான தட்டிலிருந்து, எல்லாச் சந்துகளிலும் ஒரே சீராக விழும்படி மெதுவாகச் சரிக்க வேண்டும். ஓர் ஓரமாகக் கொட்டினால் பிரித்துப் பயனில்லை. ஒரு தட்டை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். 12.5, 6.25 என்று பாதி பாதியாகி ஏழாவது சுற்றில் ஏறக்குறைய 195 கிராம் நிற்கும்.

குவித்து நான்காகப் பிரிக்கும் பழைய முறையைப் பலர் சொல்வார்கள். கற்கள் சரிவில் உருளும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். 1970-ல் ஆலன், கான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பருமணலையும் நுண்மணலையும் 60:40 கலந்து சோதித்தார்கள். குவித்துப் பிரித்ததில் ரிசல்ட்டுகளின் சிதறல் 7 சதவீதத்தை நெருங்கியது, கரண்டியால் அள்ளியதில் 5, ஸ்ப்ளிட்டரில் 1.

இத்தோடு முடியவில்லை. பலர் சறுக்குவது இனிமேல்தான். 1 கிராமில் 1.2 மில்லிகிராம் காப்பர் இருக்க வேண்டும். மயில்துத்தத்தில் கால் பங்குதான் காப்பர் என்பதால், அதற்கு 4.7 மில்லிகிராம் மயில்துத்தம் வேண்டும். 1 மில்லிமீட்டர் கல் ஒன்று சுமார் 1.2 மில்லிகிராம் எடை. ஆக உங்கள் 1 கிராமில் இருக்க வேண்டியது வெறும் நான்கு கற்கள்! எவ்வளவு நன்றாகக் கலந்திருந்தாலும் ஒரு தடவை இரண்டு விழும், இன்னொரு தடவை ஆறு. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும்: நான்குக்கு இரண்டு, அதாவது பாதி. எனக்கு வந்த 700-உம் 1,900-உம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த 195 கிராமையும் கால் மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்வரை அரையுங்கள். ஒரு கல் 64 துண்டாகும், நான்கு கல் 256 ஆகும், ஆட்டம் 6 சதவீதத்துக்கு இறங்கும். சல்லடையில் நின்றதை ஒருபோதும் எறியாதீர்கள். நீங்கள் தேடும் காப்பரே அதில்தான் நிற்கும், திரும்ப அரைத்துச் சேருங்கள். விட்டு விட்டு அரையுங்கள், சூடேறினால் மயில்துத்தம் நீரை இழக்கும். ஈரப்பதம் பார்க்க வேண்டுமானால் அரைப்பதற்கு முன்பே தனியாகப் பிரித்து எடுத்து வையுங்கள்.

அரைத்ததைச் சின்ன ஸ்ப்ளிட்டரில் 12 கிராம்வரை பிரித்து, தாளில் மெல்லிய பட்டையாகப் பரப்பி, தட்டைக் கரண்டியால் அடிவரை குறுக்கே வெட்டி 1 கிராம் எடுங்கள். புட்டியைக் குலுக்கி மேலிருந்து எடுத்தால் மறுபடி முறத்தில் கொழித்த கதைதான்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க, முதல் சுற்றில் ஒதுக்கிய 12.5 கிலோவையும் இதேபோல் தனியாகக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் பிரித்தது சரி. ஒத்துவராமல், அரைத்த ஒரே பொடியில் எடுத்த இரண்டு கிராம்கள் மட்டும் ஒத்துப்போனால், கோளாறு அரைப்பதற்கு முன்னால் பிரித்ததில் இருக்கிறது. எனக்கு அப்படிச் செய்தபோது 1,160, 1,230 வந்தது.